நேர்முகத் தேர்வை உறுதிசெய்ய எது நல்லது: வாட்ஸ்அப்பா, காலண்டர் அழைப்பா, மின்னஞ்சல் கடிதமா?

பினாங்குப் பெருநிலத்தில் ஒரு டியூஷன் சென்டரின் அலுவலக வேலைகளைக் கவனித்துக்கொள்கிறேன். ஆசிரியர் தேவைப்படும்போது விளம்பரம் போடுவது, வந்த விண்ணப்பங்களைப் பிரிப்பது, நேர்முகத் தேர்வுக்கு நேரம் குறிப்பது எல்லாம் என் பொறுப்பு. முதல் சுற்றை இப்போது ஆன்லைனில்தான் நடத்துகிறோம். தைப்பிங்கிலிருந்தோ சுங்கை பட்டாணியிலிருந்தோ ஒருவரை முக்கால் மணி நேரப் பேச்சுக்காக அரை நாள் லீவு போட வைக்க மனம் வருவதில்லை.

விண்ணப்பித்தவரிடம் போனில் பேசி நாள் குறித்தாகிவிட்டது. அதை உறுதிப்படுத்தி எழுத வேண்டும். எப்படி நடக்கும், எந்த லிங்க், யார் யார் கேள்வி கேட்பார்கள், எதைத் தயாராக வைத்திருக்க வேண்டும் என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். இதை வாட்ஸ்அப்பில் அனுப்பலாம், காலண்டர் அழைப்பாக அனுப்பலாம், மின்னஞ்சலில் கடிதமாகவும் அனுப்பலாம். மூன்றையும் நாங்கள் செய்து பார்த்திருக்கிறோம்.

முதலில் வாட்ஸ்அப். ஆரம்பத்தில் எங்களுக்கு இதுதான் வழக்கம். "வணக்கம். நேர்முகத் தேர்வு ஞாயிறு காலை 10. லிங்க் இதோ." அவ்வளவுதான். இதன் பலம் வேகம். அனுப்பிய ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடுவார்கள், பதிலும் வரும். மின்னஞ்சலை வாரம் ஒருமுறை மட்டும் திறப்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பதையும் மறக்கக்கூடாது.

பலவீனம் அடுத்த நாள்தான் தெரிய வரும். "எத்தனை நிமிடம்?", "மாதிரிப் பாடம் எடுக்கணுமா?", "எந்த ஆண்டுக்கு?", "சான்றிதழ் அனுப்பணுமா?" என்று கேள்விகள் ஒவ்வொன்றாக வரும். நானும் வேலைக்கு நடுவே ஒவ்வொன்றாகப் பதில் போடுவேன். ஒருவரிடம் சொன்னது இன்னொருவருக்குப் போகாது. தேர்வு நாள் காலையில் அவர் அந்த உரையாடலில் மேலும் கீழும் தள்ளி லிங்கைத் தேடிக்கொண்டிருப்பார். இடையில் நேரம் மாறி இரண்டாவது லிங்க் போயிருந்தால் எது சரியானது என்றும் தெரியாது.

இன்னொரு சிக்கல் வேலை மோசடி. முன்பின் தெரியாத எண்ணிலிருந்து "உங்களுக்கு வேலை, இந்த லிங்கை அழுத்துங்கள்" என்று வரும் செய்திகளைப் பற்றி நாட்டில் அத்தனை எச்சரிக்கை விடுகிறார்கள். ஏமாந்தவர்கள் உடனே அழைக்க 997 என்று ஓர் எண்ணே இருக்கிறது. இந்தச் சூழலில் பெயரும் முகவரியும் இல்லாமல் வெறும் லிங்க் வந்தால், விவரம் தெரிந்தவர் அழுத்தத் தயங்குவார். அப்படித் தயங்குபவரைத்தான் நான் ஆசிரியராக விரும்புவேன். அவரை முதல் அடியிலேயே சந்தேகப்பட வைப்பது நம் தவறு.

அடுத்தது காலண்டர் அழைப்பு. கூகல் காலண்டரில் ஒரு நிகழ்வை உருவாக்கி விண்ணப்பதாரரின் மின்னஞ்சலைச் சேர்த்துவிட்டால், லிங்கோடு சேர்ந்து அவருக்குப் போய்விடும். வருகிறேன், வரவில்லை என்று அதிலேயே பதில் சொல்லலாம். நேரத்தை மாற்றினால் அவருடைய காலண்டரிலும் மாறும், மீட் லிங்க் அதேதான் இருக்கும். பெரிய நன்மை இன்னொன்று உண்டு. ஒருமுறை எங்கள் விண்ணப்பதாரர் ஒருவர் உறவினர் திருமணத்துக்காகச் சென்னையில் இருந்தார். மலேசிய நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் போகிறது. நம் காலை 10, அங்கே 7.30. நான் எதுவும் கணக்குப் போட்டுச் சொல்லவில்லை. காலண்டரே அவருடைய போனில் 7.30 என்று காட்டிவிட்டது.

ஆனால் காலண்டர் அழைப்பை மட்டும் நம்புவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. அது அலுவலகத்துக்குள் இருப்பவர்களுக்காக உருவான பழக்கம். விருந்தினர் பட்டியலும் விளக்கப் பகுதியும் வழக்கமான அமைப்பில் அழைக்கப்பட்ட எல்லாருக்கும் தெரியும். எங்கள் தேர்வுக் குழுவில் ஒருவர், மற்ற இருவருக்கும் ஞாபகமூட்டுவதற்காக, "சம்பளம் அதிகம் கேட்கிறார், முந்தைய இடத்தை ஏன் விட்டார் என்று கேட்கவும்" என்று அந்த விளக்கத்தில் எழுதிவிட்டார். அது விண்ணப்பதாரருக்கும் போய்விட்டது. அவர் தேர்வுக்கு வந்தார், பண்போடு பேசினார், அப்புறம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல எதுவுமில்லை. அன்றிலிருந்து குழுவுக்கு ஒரு நிகழ்வு, விண்ணப்பதாரருக்கு வேறு நிகழ்வு என்று பிரித்துவிட்டேன். குழுவின் நிகழ்வில் அதே லிங்கை ஒட்டிவிடுவேன்.

மின்னஞ்சல் கடிதம் இந்த மூன்றில் மெதுவானது. எழுத இருபது நிமிடம் ஆகும். ஸ்பேமில் விழலாம். ஆனால் நான்கு விஷயங்களும் ஒரே இடத்தில், ஒரே ஒழுங்கில் இருக்கும். சென்டரின் முகவரியிலிருந்து வருவதால் யார் எழுதுகிறார்கள் என்ற சந்தேகம் எழாது. தேர்வுக் குழுவில் இருப்பவர்களுக்கும் ஒரு நகல் போகும். இந்த நகலின் பயனை நான் பிறகுதான் உணர்ந்தேன். நாம் விண்ணப்பதாரரிடம் என்ன சொன்னோம் என்று குழுவுக்குத் தெரியாவிட்டால், சொல்லாத ஒன்றை அவர்கள் எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பார்கள்.

அப்படி நடந்த ஒன்றைச் சொன்னால்தான் புரியும். இரண்டு வருடத்துக்கு முன் ஐந்தாம் ஆண்டு கணிதத்துக்கு ஆசிரியர் தேடினோம். ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் "பின்னம், 15 நிமிட மாதிரிப் பாடம்" என்று மட்டும் அனுப்பியிருந்தேன். அவர் தமிழில் அழகாகத் தயாரித்து வந்தார். தொகுதி, பகுதி, சமப் பின்னம் என்று நல்ல தெளிவு. ஆனால் குழு எதிர்பார்த்தது ஆங்கிலம். எங்களிடம் வரும் அந்த வகுப்புப் பிள்ளைகளின் பள்ளி, கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் நடத்தும் இருமொழித் திட்டத்தில் இருக்கிறது. எல்லாத் தமிழ்ப்பள்ளியும் அந்தத் திட்டத்தில் இல்லை. சுங்கை பட்டாணியில் இருப்பவர் அதை எப்படி ஊகிப்பார்? பாதியில் "ஆங்கிலத்தில் எடுக்க முடியுமா?" என்று கேட்டார்கள். அவர் திணறினார். அதோடு, அவர் போனிலிருந்து சேர்ந்திருந்தார். போனிலும் திரையைப் பகிரலாம்தான். ஆனால் 2/3 + 1/4 என்று எழுதி, பொதுப் பகுதி 12 என்று மாற்றி, 8/12 + 3/12 = 11/12 என்று படிப்படியாகக் காட்ட அந்தச் சின்னத் திரையில் இடமே இல்லை. நடுவில் அவருடைய வீட்டுச் செய்திகள் வேறு திரையின் மேல் வந்து வந்து போயின. மடிக்கணினி வேண்டும் என்று நாங்கள் சொல்லவே இல்லை. அவருக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. நாங்கள் சோதித்தது அவர் எப்படிப் பாடம் நடத்துவார் என்பதை அல்ல, நாங்கள் எழுதாமல் விட்டதை அவரால் ஊகிக்க முடிகிறதா என்பதை.

அதே காலையில் இன்னொன்றும் நடந்தது. மூன்று பேருக்கும் ஒரே லிங்க் கொடுத்திருந்தோம். காத்திருப்பு அறை போடவில்லை. இரண்டாமவர் பத்து நிமிடம் முன்னதாகவே சேர்ந்துவிட்டார். அப்போது முதலாமவர் தான் எதிர்பார்க்கும் சம்பளத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதனால் லிங்க் விஷயத்தில் இப்போது எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. ஆளுக்கு ஒரு லிங்க். ஒரே லிங்கும் காத்திருப்பு அறையும் போதாதா என்று குழுவில் கேட்டார்கள். போதும், அந்த அறையைக் கவனிக்க ஒருவர் தனியாக இருந்தால். மூன்று பேர் கொண்ட குழுவில் மூவரும் கேள்வி கேட்கும்போது யாருடைய கையாவது தவறி "உள்ளே விடு" என்று அழுத்திவிடும்.

எந்த மென்பொருள் என்பதைப் பணம் கட்டுகிறோமா இல்லையா என்பதே முடிவு செய்துவிடும். எங்கள் தேர்வை நான் இப்படிப் பிரித்திருக்கிறேன்: அறிமுகம் 5 நிமிடம், மாதிரிப் பாடம் 15, கேள்விகள் 20, அவர் எங்களைக் கேட்க 5. மொத்தம் 45. ஜூமின் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் நின்றுவிடும். அதாவது அவர் நம்மைக் கேட்க வைத்திருந்த அந்த ஐந்து நிமிடம்தான் சரியாக அறுந்துபோகும். கூகல் மீட்டின் இலவசக் கணக்கில் மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் 60 நிமிடம் கிடைக்கும். நாங்கள் நான்கு பேர், 45 நிமிடம், ஆகவே மீட். உங்கள் தேர்வு ஒன்றரை மணி நேரம் என்றால் இரண்டுமே உதவாது, கட்டணக் கணக்குதான் வழி.

குழுவில் இருப்பவர்களின் பெயரைச் சொல்வதா வேண்டாமா என்பதில் எங்களுக்குள் நீண்ட நாள் பேச்சு நடந்தது. "மூவர் கொண்ட குழு" என்று மட்டும் எழுதினால் போதும் என்றார் எங்கள் நிர்வாகி. பெயரைக் கொடுத்தால் ஆளைத் தேடிப் பிடித்து முன்கூட்டியே பேசப் பார்ப்பார்கள் என்பது அவர் கவலை. கவலை நியாயமானது. பினாங்குத் தமிழர் வட்டத்தில் யாருக்கும் யாரையும் ஒரு மாமா வழியாகத் தெரிந்துவிடும். ஆனால் பெயர் தெரியாமல் வருபவர் முதல் ஐந்து நிமிடத்தை யாரை எப்படி அழைப்பது என்பதிலேயே செலவழிப்பதை நான் பார்த்திருக்கிறேன். குழுவில் டத்தோ பட்டம் பெற்றவர் ஒருவர் இருந்தால் அது தெரியாமல் பேசிவிட்டு, பிறகு தெரிந்து கூச்சப்படுவார்கள். அதனால் பெயர், பொறுப்பு, அவர் எதைப் பற்றிக் கேட்பார் என்ற மூன்றையும் எழுதுகிறேன். தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும் என்னுடையது மட்டும். "தேர்வுக்கு முன் எதுவானாலும் என்னிடம் கேளுங்கள்" என்ற ஒரு வரி நிர்வாகியின் கவலையையும் பெரும்பாலும் தீர்த்துவிட்டது.

விண்ணப்பதாரரின் பெயரிலும் கவனம் வேண்டும். நம் அடையாளக் கார்டில் இரண்டாவதாக வருவது அப்பா பெயர். அதைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு "திருமதி முருகன்" என்று எழுதினால், மணமாகாத பெண்ணுக்கு அப்பாவையே கணவராக்கிய கதை ஆகிவிடும். அவர் விண்ணப்பத்தில் எழுதியபடியே முழுப் பெயரைப் போட்டு "அவர்களுக்கு" என்று முடித்துவிடுவேன்.

எதைத் தயாராக வைத்திருக்கச் சொல்வது என்பதில் இரண்டு போக்கு உண்டு. எல்லாவற்றையும் இப்போதே கேட்டுவிடுவது ஒன்று: அடையாளக் கார்டு நகல், எஸ்பிஎம் சான்றிதழ், பட்டம், மூன்று மாதச் சம்பளச் சீட்டு, இபிஎஃப் அறிக்கை. பின்னால் அலைய வேண்டாம் என்பது இதன் வாதம். நானும் அப்படித்தான் கேட்டேன், அதுவும் வாட்ஸ்அப்பில். தேர்வாகாத ஏழெட்டுப் பேருடைய அடையாளக் கார்டுப் படங்கள் எங்கள் நான்கு பேரின் போன்களிலும் குடும்பப் படங்களுக்கு நடுவே கிடந்தன. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தேவைக்கு மேல் தரவு வாங்காதே, தேவை முடிந்த பிறகு வைத்திருக்காதே என்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், வேலை கிடைக்காத ஒருவருடைய கார்டு நம் போனில் ஏன் இருக்க வேண்டும்?

இப்போது முதல் சுற்றுக்கு அந்த 45 நிமிடத்தில் உண்மையிலேயே பயன்படப்போவதை மட்டும் கேட்கிறேன். சான்றிதழ்களை அனுப்ப வேண்டாம், கையருகில் இருந்தால் போதும். தேர்வான பிறகு, கற்பிக்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்கும் நேரத்தில் நகல்களை வாங்கிக்கொள்கிறோம். தேர்வைப் பதிவு செய்வதில்லை என்பதையும் கடிதத்தில் சொல்லிவிடுவேன். கேமராவுக்கு முன் இருப்பவர் மனதில் அந்தக் கேள்வி எப்படியும் ஓடிக்கொண்டிருக்கும்.

நாளைக் குறிப்பதிலும் ஒன்று கற்றுக்கொண்டோம். நமக்கு ஞாயிறு விடுமுறை. கெடாவில் அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் வெள்ளியும் சனியும்தான் விடுமுறை, ஞாயிறு வேலை நாள். பாலத்துக்கு வடக்கே அரை மணி நேரம் ஓட்டினால் வாரமே மாறிவிடுகிறது. சுங்கை பட்டாணியில் தற்காலிக ஆசிரியராக இருப்பவரை ஞாயிறு காலை 10 மணிக்கு அழைத்தால் அவர் வகுப்பில் இருப்பார். எங்கள் சென்டர் பிற்பகலில்தான் திறக்கும் என்பதால் வெள்ளிக்கிழமை காலை இரு தரப்புக்கும் ஒத்து வந்தது.

இத்தனையும் சேர்ந்து, அண்மையில் அங்கிருந்து விண்ணப்பித்த ஓர் ஆசிரியைக்கு நான் அனுப்பிய கடிதம் இது. பெயர்களை மட்டும் எடுத்துவிட்டேன்.

பொருள்: ஆன்லைன் நேர்முகத் தேர்வு: 14 ஆகஸ்ட், வெள்ளி, காலை 10.00 (மலேசிய நேரம்)

அன்புள்ள (முழுப் பெயர்) அவர்களுக்கு,

வணக்கம். நேற்று போனில் பேசியபடி, ஐந்தாம் ஆண்டு கணித ஆசிரியர் பணிக்கான முதல் சுற்று நேர்முகத் தேர்வை இதன்வழி உறுதி செய்கிறோம்.

நேரம்: 14 ஆகஸ்ட், வெள்ளிக்கிழமை, காலை 10.00 முதல் 10.45 வரை.

லிங்க்: (கூகல் மீட் லிங்க்). இது உங்களுக்கு மட்டும் உரியது. 9.50 முதல் சேரலாம். உங்கள் முழுப் பெயரில் சேருங்கள்.

நடைமுறை: அறிமுகம் 5 நிமிடம். மாதிரிப் பாடம் 15 நிமிடம். எங்கள் கேள்விகள் 20 நிமிடம். கடைசி 5 நிமிடம் நீங்கள் எங்களைக் கேட்கலாம். உரையாடல் தமிழில் இருக்கும். மாதிரிப் பாடம் மட்டும் ஆங்கிலத்தில், ஏனென்றால் இந்த வகுப்பு மாணவர்கள் பள்ளியில் கணிதத்தை ஆங்கிலத்தில் படிக்கிறார்கள். தலைப்பு: வேறு வேறு பகுதி கொண்ட இரண்டு பின்னங்களைக் கூட்டுதல்.

குழு: (பெயர்), நிர்வாகி, பணி நேரம், சம்பளம் பற்றிக் கேட்பார். (பெயர்), மூத்த கணித ஆசிரியை, மாதிரிப் பாடத்தில் மாணவராகவும் இருப்பார். நான் நேரத்தைக் கவனிப்பேன். யாராவது மாறினால் முந்தைய நாள் தெரிவிப்போம்.

தயாராக வைத்திருக்க: மடிக்கணினி, நீங்கள் எழுதுவது எங்களுக்குத் தெரிய ஏதாவது ஒரு வழி, சான்றிதழ்கள் கையருகில். எதையும் இப்போது அனுப்ப வேண்டாம். மடிக்கணினி கிடைக்காவிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள், சென்டருக்கு வந்து எங்கள் கணினியில் செய்யலாம். தேர்வு பதிவு செய்யப்படாது.

இணையம் துண்டித்தால் என்னை இந்த எண்ணில் அழையுங்கள். பத்து நிமிடம் காத்திருப்போம். மீண்டும் சேர முடியாவிட்டால் வேறு நேரம் தருவோம், அது உங்களுக்குப் பாதகமாகாது.

12 ஆகஸ்ட், புதன் மாலைக்குள் "வருகிறேன்" என்று பதில் எழுதுங்கள்.

நன்றி.

ஆக, என் முடிவு மின்னஞ்சல் கடிதம். காலண்டர் அழைப்பு அதன் கூடவே போகும், அதே லிங்கோடு, விளக்கத்தில் "விவரம் மின்னஞ்சலில்" என்ற ஒரு வரியோடு. வாட்ஸ்அப்பை நான் கைவிடவில்லை. அதற்கு இப்போது ஒரே வேலை: "மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன், இன்ன முகவரியிலிருந்து வரும், ஸ்பேமிலும் பாருங்கள்." லிங்கை அதில் போடுவதில்லை. லிங்க் பல இடங்களில் கிடந்தால் மாற்றம் வரும்போது ஓர் இடம் கட்டாயம் பழையதாகவே நின்றுவிடும். புதன் மாலை வரை பதில் இல்லையென்றால் போனில் கூப்பிடுவேன். நாளை பகுதி நேரமாக ஒரு நாள் வகுப்பெடுக்க ஒருவரை அவசரமாகத் தேடும்போது மட்டும் வாட்ஸ்அப் போதும், அங்கே குழுவும் இல்லை, மாதிரிப் பாடமும் இல்லை.

அந்த ஆசிரியையின் பதில் அன்று மாலையே வந்தது. வருகிறேன் என்று எழுதி, ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்: மாணவராக இருக்கப்போகும் ஆசிரியை, பின்னம் ஏற்கெனவே கொஞ்சம் தெரிந்த பிள்ளையா, ஒன்றும் தெரியாத பிள்ளையா? கடிதத்தில் நான் எழுத மறந்தது அதுதான். சமப் பின்னம் தெரியும், கூட்டத் தெரியாது என்று பதில் எழுதி, அடுத்தவருக்குப் போகவேண்டிய கடிதத்திலும் அந்த வரியைச் சேர்த்தேன்.